துணி நாப்கின் ஏன் நாறுகிறது, கப்பை எப்படிக் கழற்றுவது?

"கடை நாப்கின் குப்பையைக் குறைக்கத் துணி நாப்கினோ மாதவிடாய் கப்போ வாங்கலாம் என்று இருக்கிறேன். சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா? கப் பாதுகாப்பானதா?"

ஆறு வருடமாக இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறேன். பகலில் கப், இரவிலும் கடைசி நாட்களிலும் துணி. கப் என்பது பெண்ணுறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்ன சிலிக்கான் கிண்ணம். அதற்கு முன்பு மாதம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு நாப்கின். வருடத்துக்கு 12, 13 முறை என்று வைத்தால் சுமார் 250 ஆகிறது. அதன் அடிப்பக்கத் தாளும் பிளாஸ்டிக், உள்ளே ஈரத்தை இழுக்கும் ஜெல்லும் மட்காத ரகம். இப்போது என்னிடம் இருப்பது எட்டுத் துணி நாப்கின், ஒரு கப். அவ்வளவுதான்.

துணியில் முதல் மூன்று மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. கறை போகட்டும் என்று நேராகக் கொதிநீரில் போட்டேன். ரத்தத்தில் உள்ள புரதம் சூட்டில் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் அசையாது. மணத்துக்காகத் துணி மென்மையாக்கும் திரவத்தையும் ஊற்றினேன். அது நூலின் மேல் ஒரு பூச்சுப் போல் படிந்துவிட, ஈரம் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் கசிந்தது. நாப்கின் மோசம் என்று அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கழற்றியவுடன் பச்சைத் தண்ணீரில், சிவப்பு நிறம் நிற்கும்வரை அலசுகிறேன். அரை மணி நேரம் ஊறவைத்து, மணமில்லாத சாதாரண சோப்பில் கசக்கி, நுரை சுத்தமாகப் போகும்வரை மறுபடி அலசல். ராத்திரி முழுக்க ஒரே தண்ணீரில் ஊறவிட்டால் அதிலேயே கிருமி பெருகும். காலையில் வாளிப் பக்கம் போக முடியாது.

துவைத்த பிறகும் வாடை வந்தால், பெரும்பாலும் அது உள்ளடுக்கின் ஈரம். மேல்துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஐந்தாறு மடிப்பு இன்னும் நனைந்திருக்கும். நடுத் தையலை இறுக்கி அழுத்திக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை. அதைக் கட்டினால் அரிப்பு வரும். வெயிலில் காயப்போடுங்கள், மறைவாக இருக்கட்டும் என்று வேறு துணிக்கு அடியில் போடாதீர்கள். அடியில் நீர் கசியாத அடுக்கு உள்ள ரகத்தைக் கொதிக்கவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம், அந்த அடுக்கு பிரிந்துவிடும். ரத்தப்போக்கு குறைவாக இருந்தாலும் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கப்பில் எல்லோரும் உள்ளே வைப்பதற்குப் பயப்படுகிறார்கள். எனக்குத் தகராறு வந்தது கழற்றும்போதுதான். அடியில் உள்ள காம்பைப் பிடித்து இழுத்தேன். கப் உள்ளே காற்றை வெளியேற்றிக் கவ்விப் பிடித்திருப்பதால் வலிதான் வந்தது. காம்பு கப்பைத் தேடிப் பிடிக்க மட்டும்தான். குத்தவைத்து உட்கார்ந்து லேசாக முக்கினால் கப் கீழே இறங்கும். அடிப்பகுதியை இரண்டு விரலால் நசுக்கினால் ஓரத்தில் காற்று நுழைந்து பிடி விடும். அதன் பிறகு மெதுவாக வெளியே எடுங்கள். கருப்பையில் காப்பர் டி போன்ற கருத்தடைச் சாதனம் வைத்திருந்தால், பிடி விடாமல் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடக்கூடும். அப்படியானால் மருத்துவரைக் கேட்காமல் கப் தொடங்காதீர்கள்.

கப்பைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெரும்பாலான கப்களில் அதிகபட்சம் 8 முதல் 12 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நான் எட்டைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீரிலும் மணமில்லாத மென்மையான சோப்பிலும் கழுவி, விளிம்புக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டைகளில் தண்ணீரைப் பீய்ச்சி எடுங்கள். அவை அடைத்தால் கவ்வல் சரியாக நிற்காமல் கசியும். மாதவிடாய் தொடங்கும்போதும் முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். கப்பை முட்டை அடிக்கும் கம்பிக்கரண்டிக்குள் போட்டு முக்கினால் பாத்திரத்தின் அடியில் படாது. ஒருமுறை போனில் பேசிக்கொண்டே தண்ணீரை வற்றவிட்டு ஒரு கப்பைக் கருக்கியிருக்கிறேன். கொதித்ததும் துடைத்து, காற்றுப் போகும் துணிப்பையில் வையுங்கள், மூடிய டப்பாவில் வேண்டாம். சிலிக்கான் பிசுபிசுத்தாலோ கிழிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, கசிவைத் தடுப்பதில் கப் நாப்கினுக்குச் சளைத்ததல்ல என்றது. கிருமியின் நச்சு ரத்தத்தில் கலப்பதால் வரும் நச்சு அதிர்ச்சி நோய் ஏற்பட்டதாக அதில் ஐந்து பேரைப் பற்றிய தகவலும் இருந்தது. அரிது, ஆனால் ஆபத்தானது. கப் உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வெயிலில் சுட்டது போன்ற தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே கப்பை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், கப் வைத்திருந்ததையும் சொல்லுங்கள். முன்பு இந்த நோய் வந்தவர்கள் கப் பக்கமே போக வேண்டாம்.