தேர்ச்சி விகிதம் 60-லிருந்து 75 ஆனால் உயர்வு 15-ஆ, 25-ஆ?

கேள்வி: எங்கள் பள்ளியில் தேர்ச்சி 60 சதவீதத்திலிருந்து 75 ஆகியிருக்கிறது. அறிக்கையில் 15% உயர்வு என்று எழுதுவதா, 25% என்றா?

“15 சதவீதப் புள்ளிகள் உயர்வு” என்று எழுதுங்கள். இரண்டு சதவீதங்களைக் கழித்தால் கிடைப்பது புள்ளிகள்தான். அந்த 15-ஐப் பழைய 60-ஆல் வகுத்தால் வருவது 25%. வெறும் “15% உயர்வு” என்றால் 60-இல் 15%, அதாவது 9 கூடி, 69 ஆனது என்று பொருளாகிவிடும்.

25% என்பதும் சரியான கணக்குதான். ஆனால் தேர்ச்சி விகிதத்துக்கு அதை நான் தவிர்ப்பேன். இதே முடிவைத் தோல்விப் பக்கத்திலிருந்து பாருங்கள்: 40 சதவீதம் 25 ஆனது, அது 37.5% குறைவு. புள்ளிகளில் சொன்னால் இரு பக்கமும் அதே 15.

அப்புறம், “25% கூடுதல் மாணவர்கள் தேர்ச்சி” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போன ஆண்டு 200 பேர் எழுதி 120 பேர் தேறினார்கள், இந்த ஆண்டு 160 பேர் எழுதி அதே 120 பேர் தேறினார்கள் என்று வையுங்கள். விகிதம் 60-லிருந்து 75 ஆகிவிட்டது, ஆனால் தேறியவர்களில் ஒருவர்கூடக் கூடவில்லை. அதனால் தேர்வு எழுதியவர்கள், தேறியவர்கள் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடுங்கள்.