தொட்டிக் கணக்கில் 15 எது, 20 எது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தொட்டியின் நீர்மட்டம் h = 15t + 20 என்று ஒரு கணக்கு. t என்பது மோட்டார் ஓடிய மணி நேரம், h செ.மீ.-இல் நீர்மட்டம். ‘சாய்வையும் y வெட்டுத்துண்டையும் சொற்களில் விளக்குக’ என்றதற்கு ‘சாய்வு 15, வெட்டுத்துண்டு 20’ என்று எழுதினாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. அடுத்த கணக்கில் 2 மணி நேரத்தில் 50 செ.மீ., 5 மணி நேரத்தில் 95 செ.மீ. என்று கொடுத்துச் சாய்வு கேட்டார்கள். 50-ஐ 2-ஆல் வகுத்து 25 என்றாள். அதுவும் தப்பாம். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மகள் எடுத்த எண்கள் சரிதான் அம்மா. ஆனால் அந்த விடையில் தொட்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை. சொற்களில் விளக்குவது என்றால், கணக்கைப் பார்க்காத ஒருவர் படித்தாலும் தொட்டியில் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். அவள் இப்படி எழுதியிருக்கலாம்: “மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தொட்டியின் நீர்மட்டம் 15 செ.மீ. உயர்கிறது. மோட்டாரைப் போட்டபோதே தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது.” முதல் வாக்கியம் சாய்வு, இரண்டாவது வெட்டுத்துண்டு.

இதில் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெட்டுத்துண்டு ஓர் உயரம், அதனால் அது வெறும் செ.மீ. சாய்வு அப்படியல்ல, அது மணிக்கு இத்தனை செ.மீ. என்ற வேகம். ‘சாய்வு 15 செ.மீ.’ என்று எழுதினால் ‘ஒவ்வொரு மணி நேரத்துக்கும்’ என்ற பாதி விட்டுப்போகிறது. சில பிள்ளைகள் ‘மணிக்கு 15 லிட்டர் ஏறுகிறது’ என்றும் எழுதுவார்கள். அதுவும் தவறு. லிட்டர் கணக்குக்குத் தொட்டியின் அடிப்பரப்பு தெரிய வேண்டும். அடி 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால், 15 செ.மீ. உயர்வு என்பது 450 லிட்டர். அடி பெரிதானால் அதே 15 செ.மீ.-க்கு இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும்.

சரி, அந்த 25-க்கு வருவோம். என்னைக் கேட்டால், இரண்டு கணக்கில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 50-ஐ 2-ஆல் வகுக்கும்போது, 50 செ.மீ. தண்ணீர் முழுவதையும் மோட்டார்தான் இரண்டு மணி நேரத்தில் ஏற்றியது என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். முன்பே கிடந்த தண்ணீரும் அந்த 50-க்குள் இருக்கிறது. தவறை அவளே கண்டுபிடிக்கட்டும்: 95-ஐ 5-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், 19 வரும். ஒரே மோட்டாருக்கு 25, 19 என்று இரண்டு வேகம் எப்படி வரும் என்று கேளுங்கள்.

அப்புறம் இரண்டு அளவுகளுக்கும் இடையில் நடந்ததை மட்டும் பார்க்கட்டும். 2-இலிருந்து 5 வரை 3 மணி நேரம். 50-இலிருந்து 95 வரை 45 செ.மீ. 45-ஐ 3-ஆல் வகுத்தால் 15. கழிக்கும்போது பழைய தண்ணீர் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது, மோட்டார் ஏற்றியது மட்டும் மிஞ்சுகிறது. இனி 2 மணி நேரத்துக்கு மோட்டார் தந்தது 30 செ.மீ. என்பதால், 50-இல் மீதி 20 முன்பே இருந்தது. ஆக இதுவும் முதல் கணக்கின் அதே தொட்டிதான்! வகுத்தாலே சாய்வு வந்துவிடுவது, தொட்டி காலியாக இருந்து, வெட்டுத்துண்டு பூச்சியமாக இருக்கும்போது மட்டும்தான்.

இந்தக் கோடு எதுவரை செல்லும் என்றும் கேட்பார்கள். தொட்டியின் உயரம் 110 செ.மீ. என்றால் 6 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதற்கு மேல் t-க்கு 8 போட்டால் 140 என்று விடை வரும், ஆனால் தண்ணீர் வழிந்து தரையில்தான் ஓடும். பக்கங்கள் நேராக இல்லாமல் மேலே குறுகும் தொட்டியாக இருந்தால், குறுகும் இடத்தில் மட்டம் வேகமாக ஏறும். அங்கே வரைபடம் நேர்கோடாகவே இருக்காது.

கடைசியாக ஒன்று. t எதைக் குறிக்கிறது என்று வினாவில் முதலில் பார்க்க வேண்டும். அதே மோட்டாரைக் காலை 6 மணிக்குப் போட்டு, t-யைக் கடிகார மணியாக எடுத்தால் சமன்பாடு h = 15t − 70 ஆகிவிடும். 6 போட்டுப் பாருங்கள், அதே 20 வரும். சாய்வு மாறவில்லை. ஆனால் வெட்டுத்துண்டு −70. நள்ளிரவில் தொட்டியில் −70 செ.மீ. தண்ணீர் என்று எழுத முடியாது. அப்போது மோட்டார் ஓடவே இல்லை. அந்த இடத்தில் “காலை 6 மணிக்கு முன் இந்தச் சமன்பாடு பொருந்தாது, எனவே இங்கே வெட்டுத்துண்டு நீர்மட்டத்தைக் குறிக்கவில்லை” என்று எழுதினால் அதுதான் சரியான விடை.