எல்டி எந்த ஆண்டு லாபத்தில் கை வைக்கும்?

கேள்வி: துவாஸில் ஒரு கிடங்குக் கட்டடத்துக்கு ஏர்கான் டக்ட் வேலையை 1,200,000 வெள்ளிக்கு சப்கானாக எடுத்தேன். செலவு 1,050,000 ஆகும், 150,000 நிற்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த வேலையில் போன வருஷம் 45,000 லாபம் காட்டினோம். இப்போது வேலை 60 நாள் தள்ளிப்போகும் போலிருக்கிறது. அதனால் ஆள் கூலி, வாடகை என்று இன்னும் 45,000 கூடும். இதுவரை மொத்தம் 657,000 செலவாகிவிட்டது. வேலை தாமதமானால் ஒப்பந்தப்படி பிடிக்கப்படும் எல்டி நாளுக்கு 1,500. வேலையைக் கொடுத்த மெயின்கான் இன்னும் ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை. பிடிக்கும்போது செலவில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் என் கணக்கர். இந்த டிசம்பருக்கு எவ்வளவு லாபம் காட்டுவது?

பதில்: லாபம் காட்ட முடியாது. இந்த ஆண்டுக்கு 36,000 வெள்ளி நஷ்டம் காட்ட வேண்டியிருக்கும். வேலை முடியும்போது மொத்தத்தில் 15,000 வெள்ளி லாபம் நிற்கும், ஆனாலும் இந்த ஆண்டு நஷ்டம்தான். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

எல்டியை அபராதமாகவோ செலவாகவோ பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட விலை ‘குறித்த நாளில் முடித்தால் 1,200,000’ என்பது. நாள் தப்பினால் விலையே குறையும். சிங்கப்பூரின் எஃப்ஆர்எஸ் 115 கணக்குத் தரமும் பொதுவாக இதை அப்படித்தான் பார்க்கிறது: தாமதத்துக்குப் பிடிக்கப்படும் தொகை, ஒப்பந்த விலையின் மாறக்கூடிய பகுதி. ஆகவே மெயின்கான் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், காத்திருக்கவும் கூடாது. தாமதம் வரும் என்று தெரிந்த தேதியிலேயே விலையைத் திருத்த வேண்டும்.

உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம். 60 நாளுக்கு எல்டி 90,000. விலை 1,110,000 ஆக இறங்குகிறது. மொத்தச் செலவு மதிப்பீடு 1,095,000 ஆக ஏறுகிறது. ஒப்பந்த லாபம் 15,000. செலவான 657,000, மொத்தச் செலவில் சரியாக 60 விழுக்காடு; வேலையும் அவ்வளவு முடிந்ததாகவே கணக்கு. அதனால் இதுவரையிலான வருமானம் 1,110,000 வெள்ளியில் 60 விழுக்காடு, அதாவது 666,000. செலவைக் கழித்தால் இதுவரையிலான லாபம் 9,000 மட்டுமே. போன வருஷமே 45,000 காட்டிவிட்டீர்கள். கூடுதலாகக் காட்டிய 36,000 இந்த வருஷம் திரும்பிப் போக வேண்டும். போன வருஷக் கணக்கைத் திறந்து திருத்த வேண்டியதில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அது சரியாகத்தான் போடப்பட்டது. மதிப்பீடு மாறியது இந்த ஆண்டு, அடியும் இந்த ஆண்டுக்கே.

உங்கள் கணக்கர் சொல்கிறபடி செய்தால்? விலையை 1,200,000 என்றே வைத்துக்கொண்டால் இதுவரையிலான லாபம் 63,000, இந்த ஆண்டுக்கு 18,000. அடுத்த ஆண்டு எல்டியைப் பிடித்ததும் 48,000 நஷ்டம். மூன்று ஆண்டையும் கூட்டினால் அதே 15,000 வெள்ளிதான் வரும், அதனால் பலரும் ‘எப்போது எழுதினால் என்ன’ என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெயின்டிங் சப்கான் இப்படி வந்த லாபத்தை நம்பி டிவிடெண்ட் எடுத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் என் எதிரே உட்கார்ந்து, அவருடைய பில்லுக்கு மெயின்கான் பதிலாக அனுப்பிய, நாலாக மடித்த பேமென்ட் ரெஸ்பான்ஸை விரித்து வைத்தார். கடைசிக்கு முந்தைய வரி ‘கழிவு: எல்டி, 41 நாள்’. அந்த வரிக்குக் கீழே இருந்த தொகை, அவர் அந்த மாதம் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைவிடக் குறைவு.

இன்னொரு தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எல்டியை மறைக்க மாட்டேன் என்று நேர்மையாக நினைப்பவர்கள், 90,000 வெள்ளியை மொத்தச் செலவு மதிப்பீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது மொத்தம் 1,185,000 ஆகி, வேலை முடிந்த அளவு 60 விழுக்காட்டிலிருந்து சுமார் 55 ஆக விழும். நேற்றைக்கு மாட்டிய டக்ட் இன்றைக்குக் கழன்று விழுந்ததா என்ன? எல்டி வேலையை ஓர் அங்குலமும் முன்னே நகர்த்துவதில்லை. வேலையின் அளவைக் காட்டும் பின்னத்தில் அதற்கு மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. உங்கள் 45,000 அப்படியல்ல. சூப்பர்வைசர் சம்பளம், வெளிநாட்டு ஊழியர் லெவி, தங்குவிடுதி வாடகை, சாரக்கட்டு வாடகை எல்லாம் உண்மையான சைட் செலவு. அது மொத்தச் செலவில் சேரத்தான் வேண்டும்.

அடுத்து, 60 நாள் என்ற எண் எவ்வளவு உறுதி? இங்கேதான் உங்கள் தீர்மானம் வேலை செய்ய வேண்டும். அந்த 60 நாளில் 20 நாள் மெயின்கான் வரைபடத்தை மாற்றியதால் போனது என்று வைத்துக்கொள்வோம். காலநீட்டிப்பு, நாம் சொல்லும் இஓடி, கிடைத்தால் எல்டி 40 நாளுக்கு 60,000 ஆகக் குறையும். ஒப்பந்த லாபம் 45,000 ஆகும், இந்த ஆண்டு நஷ்டம் 36,000 என்பது 18,000 ஆகும். ஆசை காட்டும் வித்தியாசம்தான். ஆனால் பின்னால் பெரிய அளவில் திரும்பப் பிடுங்கப்படாது என்று மிக நன்றாக நம்ப முடிகிற வருமானத்தை மட்டுமே விலையில் சேர்க்கலாம் என்பது அதே தரத்தின் கட்டுப்பாடு. இஓடி கடிதம் கையில் இருந்தால் 40 நாள். கோரிக்கை அனுப்பி, காரணத்தை மெயின்கான் எழுத்தில் ஒப்புக்கொண்டு, நாள் எண்ணிக்கை மட்டும் பாக்கி என்றால் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசலாம். ‘சைட் மேனேஜர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்’ என்பது மட்டும்தான் ஆதாரம் என்றால் 60 நாள்தான். ஒப்பந்தம் சொன்ன நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காமல் விட்டிருந்தால் பல ஒப்பந்தங்களில் உரிமையே போய்விடும். முதலில் அந்த ஷரத்தைப் பாருங்கள். இன்னொன்று, இஓடி நாளைத் தருமே தவிர பணத்தைத் தராது. 45,000 கூடுதல் செலவில் ஒரு பங்கைக் கேட்க வேண்டுமானால் அது தனிக் கோரிக்கை.

எல்டி தொகை அநியாயம் என்று வாதாடி இறக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2020ல் டென்கா, செராயா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய சோதனையையே சிங்கப்பூரில் வைத்துக்கொண்டது: ஒப்பந்தம் போட்ட அன்று, வரக்கூடிய இழப்பை நேர்மையாக மதிப்பிட்ட தொகையா என்பதே கேள்வி. அப்படியானால் மெயின்கான் உண்மையில் எவ்வளவு இழந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1.2 மில்லியன் வேலைக்கு நாள் 1,500 என்பதை வைத்து அந்த வழியில் நம்பிக்கை வைக்க மாட்டேன்.

உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படும் எண் வேறு. ஒரு நாள் தாமதம் உங்களுக்கு 1,500 வெள்ளி மட்டுமல்ல. 45,000 வெள்ளியை 60 நாளால் வகுத்தால் சைட் ஓடும் செலவு நாளுக்கு 750. ஆக 2,250. தொடக்க லாபமான 150,000 வெள்ளியை இதனால் வகுத்துப் பாருங்கள்: 66ஆம் நாள் முடிவில் 1,500 வெள்ளி மிஞ்சும், 67ஆம் நாள் ஒப்பந்தம் நஷ்டத்தில் இறங்கும். நீங்கள் நிற்பது 60ல். இன்னும் ஒரு வாரம் சறுக்கினால் போதும்.

நஷ்டம் என்று ஆகிவிட்டால் கணக்கு இன்னும் கடுமையாகும். 80 நாள் தாமதம் என்று எடுத்தால் விலை 1,080,000, செலவு 1,110,000, நஷ்டம் 30,000. வேலை ஏறக்குறைய 60 விழுக்காடுதானே முடிந்தது என்று சுமார் 18,000 மட்டும் காட்ட முடியாது. நஷ்ட ஒப்பந்தம் என்று தெரிந்த தேதியில் முழு 30,000 வெள்ளிக்கும் ஒதுக்கீடு வைக்க வேண்டும். போன வருஷத்து 45,000 திரும்புவதையும் சேர்த்தால் அந்த ஆண்டில் 75,000 அடி. எல்டிக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பந்த விலையில் 10 விழுக்காடு என்று எழுதியிருந்தால் 80ஆம் நாளோடு எல்டி நிற்கும். அதற்குப் பிறகு நாளுக்கு 750தான் ஓடும்.

அதே 2,250, வேலையை விரட்டலாமா என்பதற்கும் அளவுகோல். ஓவர்டைமுக்கு 24,000 செலவழித்து 20 நாளை மீட்க முடியுமானால் 45,000 மிச்சம், நிகரமாக 21,000 லாபம் கூடும், ஒப்பந்த லாபம் 36,000 ஆகும். ஆனால் மனிதவள அமைச்சின் விலக்கு இல்லாமல் ஓர் ஆளின் ஓவர்டைம் மாதம் 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே அந்த 20 நாள் காகிதத்தில் மட்டும் வருகிறதா என்று ஆள் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்துவிட்டே மதிப்பீட்டை மாற்றுங்கள். டிசம்பர் 31 வரை அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் 60 நாள் கணக்குதான் நிற்கும்.

மெயின்கான் கடைசியில் பிடிக்கும்போது ஒரு கண் வையுங்கள். விலை ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டதால் பிடித்த தொகையைச் செலவில் மறுபடி எழுதக்கூடாது. வாடிக்கையாளர் கணக்கில் வரவேண்டிய தொகை மட்டும் குறையும். இரண்டு தடவை எழுதி, இல்லாத நஷ்டத்துக்குத் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்தம் வந்த தாளையும் நன்றாகப் படியுங்கள். கட்டுமானத் துறைக்கான பணம் செலுத்துதல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் பேமென்ட் கிளெய்முக்குப் பதில் அதிகபட்சம் 21 நாளுக்குள் வர வேண்டும், பிடித்தத்துக்கான காரணம் அந்தப் பதிலிலேயே இருக்க வேண்டும். அதில் எழுதாத பிடித்தத்தை, அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் அட்ஜுடிகேஷன் விசாரணையில் பொதுவாகப் புதிதாகக் கொண்டுவந்து வாதாட முடியாது. அந்தத் தாளில் தாமத நாள் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தத் தேதிகளை உங்கள் இஓடி கோரிக்கைக் கடிதத்தோடு பக்கத்தில் வைத்து நாள் நாளாக ஒப்பிட்டால், வித்தியாசம் எங்கே என்று தெரியும். வித்தியாசம் ஒரு நாள் என்றாலும் அது 1,500 வெள்ளி.