28 நாள் வேலைக்கு 52 நாள்

கேள்வி: ஒரு வேலை முடிஞ்சாதான் அடுத்தது தொடங்க முடியும். சிலதுக்கு நடுவுல இத்தனை நாள் சும்மா விடணும்னு வேற இருக்கு. மொத்தமும் எந்தத் தேதியில முடியும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் அலுவலக உதாரணம் வேண்டாம், ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். 2025இல் என் அக்கா ஈசூனில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், பழைய வீடு ஒன்றை வாங்கி, குளியலறையையும் கிச்சனையும் மாற்றினார். அந்தக் கணக்கையே சொல்கிறேன்.

காண்ட்ராக்டர் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று எழுதிக் கூட்டியிருந்தார். மொத்தம் 28 நாள். மார்ச் 3 திங்கள் தொடங்கினால் ஏப்ரல் 4இல் முடியும், ஏப்ரல் 14 சித்திரை முதல் நாளில் பால் காய்ச்சிவிடலாம் என்று அக்கா சொந்தக்காரர்களுக்குச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரிதான், ஆனால் அந்தக் கூட்டலுக்கே அர்த்தம் இல்லை. குளியலறையில் டைல்ஸ் ஒட்டும்போது கிச்சனில் வேறொன்று நடக்கலாம். அந்த ஒரே நாட்களை இரண்டு தடவை கூட்டியிருந்தார். சிமெண்ட் காய்கிற நாளும், கேபினட் பட்டறையில் தயாராகிற நாளும் அந்தத் தாளில் எங்கேயுமே இல்லை.

கணக்கின் விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு வேலைக்கு முன்னால் முடியவேண்டிய வேலைகள் எவை என்று பாருங்கள். ஒவ்வொன்றும் முடிகிற தேதியோடு அதற்கான காத்திருப்பைக் கூட்டுங்கள். வருகிற தேதிகளில் எது கடைசியோ அதற்கு அடுத்த வேலை நாளில்தான் இதைத் தொடங்க முடியும். முதல் வேலையில் ஆரம்பித்து இப்படியே வரிசையாகப் போனால், கடைசி வேலை முடிகிற நாள்தான் உங்கள் பதில்.

காத்திருப்பை வேலையின் நாட்களோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது இரண்டு வேலைகளுக்கு நடுவிலுள்ள கோட்டுக்குச் சொந்தமானது. டைல்ஸ் ஒட்டி முடித்ததும் பசை இறுக 2 நாள் விட்டுத்தான் அதன் மேல் ஏறி நின்று ஷவர் கண்ணாடிக்கு அளவெடுக்க முடியும். ஆனால் டைல்ஸ்காரர் மறுநாளே அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். 4 நாள் வேலையை 6 நாள் என்று எழுதினால் அவருக்கு 2 நாள் கூலி சேர்ந்துவிடும்.

இரண்டாவது, எதை எந்த நாட்காட்டியில் எண்ணுவது என்பது. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வீவக வீட்டில் ரெனவேஷன் வேலை திங்கள் முதல் சனி வரைதான். ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. இடிப்பது மாதிரி சத்தமான வேலைக்குச் சனிக்கிழமையும் இல்லை. ஆனால் சிமெண்டுக்கு ஞாயிறு தெரியாது, நோன்புப் பெருநாளன்றும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் வேலையை வேலை நாளிலும் காத்திருப்பைச் சாதாரண நாளிலும் எண்ணவேண்டும்.

இப்போது குளியலறை. இடிப்பு 3 நாள், மார்ச் 3 முதல் 5 வரை. பைப்பும் மறைவு வயரிங்கும் 4 நாள். 6, 7, 8, ஞாயிறு விட்டு 10. தரைக்குச் சிமெண்ட் ஸ்கிரீட் 11, 12. அது காய 7 நாள், அதாவது 13 முதல் 19 வரை. வாட்டர்புரூஃபிங் பூச்சு 20, 21. பூச்சு காய 2 நாள், அது சனி ஞாயிறோடு போயிற்று. 24 திங்கள் தண்ணீர் கட்டி நிறுத்துகிற பாண்டிங் டெஸ்ட். 24 மணி நேரம் நிற்கவேண்டும். மறுநாள் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத் தண்ணீரை வடித்தால் 25ஆம் தேதி தீர்ந்தது. டைல்ஸ் 26 முதல் 29 வரை. பசை இறுகும் 2 நாள் ஞாயிறு 30, பெருநாள் 31. ஏப்ரல் 1 அன்று ஒருவர் டைல்ஸ் இடுக்குகளில் கிரௌட் பூசுகிறார், இன்னொருவர் கண்ணாடிக்கு அளவெடுக்கிறார். கண்ணாடி தயாராக 14 நாள். ஏப்ரல் 16 புதன் பொருத்தலாம். டாய்லெட் கிண்ணம், பேசின் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கிச்சனில் பைப் வேலை முடிந்த மறுநாள், மார்ச் 11, கேபினட்டுக்கு அளவு. பட்டறையில் 28 நாள், ஏப்ரல் 8 வரை. பொருத்த 3 நாள், ஏப்ரல் 9 முதல் 11 வரை. கீழ் கேபினட் நின்ற பிறகுதான் மேல் கல்லுக்கு அளவெடுப்பார்கள், 12 சனி. கல் வெட்ட 7 நாள், 19 வரை. 20 ஞாயிறு. 21 திங்கள் கல் பொருத்துகிறார்கள்.

பெயிண்ட் டச்அப்பும் துடைப்பும் 2 நாள். கண்ணாடி, கல் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். ஒன்று 16, மற்றது 21. கடைசியானது 21, ஆக 22, 23. வேலை முடிவது ஏப்ரல் 23 புதன்.

தொடக்கத்திலிருந்து 52 நாள். முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிற கிச்சன் பாதையில் மனிதர்கள் கை வைக்கிற நாள் 15, காத்திருப்பு 35, மீதி 2 ஞாயிறு. எங்கள் தொழிலில் இந்தப் பாதைக்குக் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1957வாக்கில் டூபாண்ட் நிறுவனத்தின் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் சேர்ந்து கணினிக்காகச் செய்த முறை.

காத்திருப்பையும் வேலை நாளாகவே எண்ணியிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கேபினட்டின் 28 நாள் ஏப்ரல் 14 வரை நீளும், கல் ஏப்ரல் 29க்குத் தள்ளிப்போகும், மே 1 விடுமுறையும் குறுக்கே வந்து மே 2இல் முடியும். ஒரே தாள், 9 நாள் வித்தியாசம். அட்டவணை மென்பொருள் எதுவானாலும், காத்திருப்பை அது எந்த நாட்காட்டியில் எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை முடிகிற வேலைக்கு 2 நாள் காத்திருப்பு கொடுத்தால், அடுத்த வேலை திங்களுக்கு வருகிறதா, அதைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எக்செல் போதும். B நெடுவரிசையில் நாட்கள், C தொடக்கம், D முடிவு, விடுமுறைகள் J2 முதல் J4 வரை என்று வையுங்கள். கண்ணாடி 12ஆம் வரியில், அதன் அளவு 11ஆம் வரியில் இருந்தால்:

```
C12: =WORKDAY.INTL(D11+14,1,11,$J$2:$J$4)
D12: =WORKDAY.INTL(C12-1,B12,11,$J$2:$J$4)
```

14 என்பது காத்திருப்பு. சாதாரணக் கூட்டலாக இருப்பதால் ஞாயிறும் சேர்ந்து எண்ணப்படும். மூன்றாவதாக வருகிற 11, ஞாயிறு மட்டும் லீவு என்பதற்கான குறியீடு. முன்வேலை இரண்டு இருந்தால் `MAX(D12+0,D18+0)` என்று முதல் இடத்தில் போடுங்கள். சத்தமான வேலைக்கு 11க்குப் பதில் 1. அது சனி, ஞாயிறு இரண்டையும் விடும். circular reference என்று எக்செல் கத்தினால், ஏதோ இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தளத்தில் கேட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

தாளைப் பார்த்ததும் அக்கா கேட்டது, "ஏன்டா தம்பி, பாத்ரூம்ல தண்ணி ஒழுகினா இன்னும் தள்ளிப்போகுமா?" நியாயமான பயம். போட்டுக் காட்டினேன். 25ஆம் தேதி கசிவு தெரிந்தால் 26 மறுபடி பூச்சு, அது காய 2 நாள், 29 சனி தண்ணீர், ஞாயிறு வேலையில்லாவிட்டாலும் நாமே போய்ப் பார்த்துவிடலாம், பெருநாள் விட்டு ஏப்ரல் 1 டைல்ஸ். ஏப்ரல் 7 கண்ணாடிக்கு அளவு, 22 பொருத்தம், 24 முடிவு. டைல்ஸ் 6 நாள் தள்ளிப்போனாலும் வீடு தள்ளிப்போவது ஒரே ஒரு நாள்.

ஆனால் இந்தச் சாவகாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கண்ணாடி அளவை ஏப்ரல் 1க்குப் பதில் 5ஆம் தேதி எடுத்தாலும் பாதகமில்லை, 4 வேலை நாள் கையில் இருக்கிறது. டைல்ஸ் முடிவதற்கோ ஏப்ரல் 2 வரைதான், அதாவது 2 வேலை நாள்தான். அடுத்தடுத்த வேலைகள்தானே, ஏன் வித்தியாசம்? பழைய கணக்கில் பசை இறுகிய 2 நாளும் ஞாயிறுக்கும் பெருநாளுக்கும் அடியில் ஒளிந்திருந்தது. டைல்ஸ் தள்ளிப்போனால் அந்தக் காத்திருப்பு வார நாட்களைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் தேதி மாறினால் முழு அட்டவணையையும் திரும்ப ஓட்டுங்கள். பழைய சாவகாசத்தில் இரண்டைக் கழித்துச் சொல்லாதீர்கள்.

கிச்சன் பக்கம் சாவகாசமே இல்லை. அங்கே குறைக்க முடிவது எது? பட்டறையின் 28 நாளைக் குறைக்கச் சொன்னால் சரி சரி என்பார்கள், குறையாது. நான் பிடித்தது அளவெடுக்கிற நாளை. பைப் போட்டு முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. பைப்பும் பிளக்கும் எங்கே வரும் என்று முடிவானால் போதும். இடிப்பு முடிந்த மாலை பிளம்பரை நிற்கவைத்து, சுவரில் சாக்கால் கோடு போட்டு, மையத்திலிருந்து சுவர் மூலைவரை அளவையும் பக்கத்திலேயே எழுதவைத்தோம். மார்ச் 6 வியாழன் அளவெடுத்தார்கள். அதிலிருந்து ஓட்டினால் கேபினட் ஏப்ரல் 4, 5, 7, கல்லுக்கு அளவு 8, கல் 16. கண்ணாடியும் அதே 16. துடைப்பு 17, புனித வெள்ளி விட்டு 19 சனி முடிவு. 4 நாள் லாபம்.

இதற்கு மேல் கிச்சனை அவசரப்படுத்திப் பயனில்லை, கண்ணாடி 16க்கு முன் வராது. குளியலறைக்கு இருந்த சாவகாசமும் போயிற்று. இந்தத் திட்டத்தில் தண்ணீர் கசிந்திருந்தால் முழு அடியும் விழுந்து ஏப்ரல் 24க்கே திரும்பியிருப்போம். கசியவில்லை. 25ஆம் தேதி காலை கீழ்வீட்டு ஆன்ட்டி தன் குளியலறைக் கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று தலையசைத்தார்.

சித்திரை ஒன்றுக்குக் கேபினட் நின்றது, மேலே கல் இல்லை. அக்கா தேதியை மாற்றமாட்டேன் என்றுவிட்டார். கேபினட் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் ஸ்டீம்போட்டுக்கு வாங்கிய கேஸ் அடுப்பு. பால் பொங்கிப் பலகையில் வழிந்த கறையைக் கல் வைக்க வந்தவர் பார்த்துவிட்டு, இதென்ன என்று கேட்டாராம்.