மார்ச் பில், ஏப்ரல் பணம்

வணக்கம். நான் தனியாகத் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட். 2025 மார்ச் 20 அன்று ஒரு கம்பெனிக்கு 4 லட்சத்துக்குப் பில் கொடுத்தேன். அவர்கள் மார்ச்சிலேயே 40,000 டி.டி.எஸ். பிடித்துக் கட்டிவிட்டு, மீதியை ஏப்ரல் 12 அன்று போட்டார்கள். இது எந்த வருட வருமானம்? கேஷ் பேசிஸ்தான் லாபம் என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்குப் புத்தகம் இதுவரை எந்த முறையில் எழுதப்பட்டு வந்திருக்கிறதோ, அதுதான் வருடத்தைத் தீர்மானிக்கும். மெர்க்கன்டைல் முறை என்றால், வேலையை முடித்துப் பில் போட்ட அன்றே அது வருமானம். பணம் வராவிட்டாலும் 2024-25 கணக்கில் சேரும். ரொக்க முறை என்றால் பணம் கைக்கு வந்த 2025-26இல் சேரும். செலவுக்கும் இதே விதிதான். மார்ச் மாத வாடகையை ஏப்ரலில் கொடுத்தால், ரொக்க முறையில் அந்தக் கழிவும் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். வருமானத்தை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, கொடுக்காத செலவை இந்த வருடமே கழிக்க முடியாது. இரண்டையும் கலந்து எழுதும் வசதி 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே இல்லை.

ரொக்க முறையில் பலர் தவறுவது அந்த 40,000 ரூபாயில்தான். அது 26ஏஎஸ் படிவத்தில் 2024-25இல் தெரியும். உடனே அந்த வருட ரிட்டர்னில் கிரெடிட் கேட்பார்கள். அதற்கான வருமானம் அங்கே இருக்காது, கிரெடிட்டும் கிடைக்காது. வருமானம் எந்த வருடமோ, டி.டி.எஸ். கிரெடிட்டும் அந்த வருடம்தான். ஆகவே 2024-25 ரிட்டர்னின் டி.டி.எஸ். அட்டவணையில் 40,000ஐ அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்வதாகக் காட்டுங்கள். 2025-26இல் வருமானமாக எழுத வேண்டியது வங்கியில் விழுந்த 3,60,000 அல்ல, முழு 4 லட்சம்.

லாபமா என்றால், எப்போதும் இல்லை. புதிய வரிமுறையில், இந்தப் பில்லை விட்டு உங்கள் நிகர வருமானம் இரண்டு வருடமும் 11 லட்சம் என்று வையுங்கள். 4 லட்சத்தை 2024-25இல் சேர்த்தால் அதற்கான கூடுதல் வரி, செஸ் உட்பட, 78,000. 2025-26இல் 12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால் அங்கே தள்ளுவது நல்லது என்று தோன்றும். ஆனால் மொத்தம் 15 லட்சமானதும் அந்தத் தள்ளுபடி முழுவதும் போய், 1,09,200 கட்ட வேண்டியிருக்கும். தள்ளிவைத்ததற்கு 31,200 ரூபாய் அதிகம்.

அதற்காக இந்த வருடம் மட்டும் முறையை மாற்றிக்கொள்ள நினைக்காதீர்கள். தொடர்ந்து கடைப்பிடிக்கும் முறையைத்தான், இந்த இரண்டு வருடங்களுக்கும் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு ஏற்கிறது. ரொக்கத்திலிருந்து மெர்க்கன்டைலுக்கு நிரந்தரமாகவே மாறுவதானால், மாறும் வருடத்தில் பழைய பில்களுக்கு வரும் பணமும் புதிய பில்களும் ஒன்றாகச் சேர்ந்து வருமானமாகும். பழைய பாக்கி குறைவாக உள்ள ஒரு ஏப்ரல் 1 பார்த்து மாறுங்கள்.