கொதிக்கவைத்தால் தண்ணீரில் எது போகிறது, எது தங்குகிறது? (கேள்வி பதில்)

கேள்வி: மினரல் வாட்டர், குழாய்த் தண்ணீர், கொதிக்கவைத்த தண்ணீர். இதில் எதில் தாது அதிகம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: பாட்டிலா குழாயா என்பதை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. தண்ணீர் எந்தப் பாறை வழியாக இறங்கி வந்தது என்பதுதான் கணக்கு. வோல்விக், கெரோல்ஸ்டைனர் இரண்டுமே மினரல் வாட்டர் என்றுதான் விற்கப்படுகின்றன. முதலாவது எரிமலைப் பாறை வழியாக வருவது, லிட்டருக்கு 12 மி.கி. அளவுக்குத்தான் கால்சியம். இரண்டாவதில் ஏறக்குறைய 350 மி.கி. சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் வரும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் வோல்விக்கைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இயற்கை மினரல் வாட்டர் வேறு, சுத்திகரித்து பாட்டிலில் அடைத்த குடிநீர் வேறு. இரண்டாவது பெரும்பாலும் ஆர்.ஓ.வில் உப்பையெல்லாம் எடுத்துவிட்டு, சுவைக்காகக் கொஞ்சம் திரும்பச் சேர்த்தது. லேபிளைத் திருப்பி கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட் ஆகிய நான்கு எண்களைப் பாருங்கள், முன்பக்கப் படத்தில் பனிமலை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: கொதித்தால் தாதுக்கள் எல்லாம் செத்துவிடும், அது வெறும் தண்ணீர் என்கிறார் என் மாமியார். உண்மையா?

பதில்: சாவது கிருமி. தாதுவுக்குச் சாவு கிடையாது. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதைச் சரியாகப் பார்ப்போம்.

ஒரு தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டரில் கால்சியம் 80, மக்னீசியம் 25, சோடியம் 20, பைகார்பனேட் 250, நைட்ரேட் 30, எல்லாம் மி.கி. கணக்கில். குளோரைடும் சல்பேட்டும் கொஞ்சம் கொஞ்சம். நடுத்தரக் கடினத்தன்மையைத் தாண்டிய தண்ணீர்தான், அபூர்வமானதல்ல.

அதை அடுப்பில் வைத்தால், சூடு ஏற ஏற பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேறுகிறது. மீதம் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. பாடப்புத்தகச் சமன்பாடு இதுதான்:

Ca(HCO₃)₂ → CaCO₃ + CO₂ + H₂O

இந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டால் கால்சியம் 80-லிருந்து 30 பக்கம் வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கொதி வந்ததும் தானாக அணைந்துவிடும் மின்கெட்டிலில் இவ்வளவு இறங்காது, நேரம் பற்றாது. போன 50 மி.கி. கால்சியம், 125 மி.கி. சுண்ணாம்பாகப் பாத்திரத்தில் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு 3 லிட்டர் கொதிக்கவைக்கும் வீட்டில் மாதத்துக்கு 11 கிராமுக்கு மேல் வருகிறது. கெட்டிலைத் தேய்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் சந்தேகமே வராது.

சோடியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு இவை எங்கேயும் போகாது. நீராவி மட்டும் போவதால் இவை கொஞ்சம் செறிவாகும். ஒரு லிட்டர் கொதித்து 900 மி.லி. ஆனால் லிட்டருக்கு 30 ஆக இருந்த நைட்ரேட் 33 ஆகிவிடும். அதாவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாம் நினைக்கும் கால்சியம்தான் முதலில் இறங்குகிறது, போனால் நல்லது என்று நினைக்கும் நைட்ரேட் அப்படியே நிற்கிறது. ஆர்செனிக்கும் அப்படித்தான். கிருமிக்குக் கொதி போதும், இவற்றுக்கு அது மருந்தல்ல.

உங்கள் தண்ணீரில் அதிகபட்சம் எவ்வளவு கால்சியம் இறங்கலாம் என்று தெரியவேண்டுமென்றால் பைகார்பனேட் எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். இங்கே 250, ஆகவே 80-க்குக் கொஞ்சம் மேல். கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து வரும் தண்ணீரில் பைகார்பனேட் குறைவாக இருக்கும், அப்போது எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்தக் கடினத்தன்மை பெரிதாகக் குறையாது.

கேள்வி: மக்னீசியத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே. நான் பாய்லர் தண்ணீர் பரிசோதனையில் வேலை பார்த்தவன். மக்னீசியமும் ஹைட்ராக்சைடாகப் படியும்.

பதில்: பாய்லரில் படியும், நீங்கள் சொல்வது சரி. அங்கே பல மணி நேரச் சூடு, காரத்தன்மையும் மிக அதிகம். மக்னீசியம் ஹைட்ராக்சைடு இறங்க பி.எச். 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகவேண்டும். சமையலறைப் பாத்திரத்தில் சில நிமிடக் கொதிக்கு அது பொதுவாக 9-ஐக் கூடத் தாண்டாது. அதனால் அந்த 25 மி.கி.யில் பெரும்பகுதி தண்ணீரிலேயே இருக்கும் என்றுதான் சொல்வேன்.

அவரே மறுபடியும்: நான் எடுத்த மாதிரிகளில், சாதாரணக் கொதியிலும் மக்னீசியம் சற்றுக் குறைந்துதான் வந்திருக்கிறது.

பதில்: கால்சியம் கார்பனேட் படியும்போது கொஞ்சம் மக்னீசியத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அது காரணமாக இருக்கலாம். எவ்வளவு என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், நான் ஒரே எண் சொல்லப்போவதில்லை.

கேள்வி: டிடிஎஸ் மீட்டரில் என் குழாய்த் தண்ணீர் 340 காட்டியது. கொதித்து ஆறியதும் 230. அப்படியென்றால் கொதித்தால் தண்ணீர் சுத்தமாகிறது, ஆர்.ஓ. வாங்கவேண்டிய அவசியம் இல்லை, சரிதானே?

பதில்: எண்ணில் தவறில்லை, நீங்கள் எடுத்த முடிவில்தான் தவறு. மீட்டர் உப்பை எண்ணுவதில்லை, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உங்களுக்குக் குறைந்த 110, பெரும்பாலும் பாத்திரத்தில் படிந்த கால்சியமும் கூடவே போன பைகார்பனேட்டும். மிச்சமுள்ள 230-இல் சோடியமா, நைட்ரேட்டா, மக்னீசியமா என்று மீட்டருக்குத் தெரியாது. பூச்சிக்கொல்லி, பாக்டீரியா போன்றவை அதில் தெரியவே தெரியாது. ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்பது ஆய்வகப் பரிசோதனையில் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு நைட்ரேட் 50 மி.கி., ஃபுளோரைடு 1.5 மி.கி. இவை உள்ளே இருந்தால், 340 என்ற எண்ணுக்காக மட்டும் இயந்திரம் வாங்க நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள், எண் ஏமாற்றும். கடினநீக்கிக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, 20 மி.கி. கால்சியத்துக்கு 23 மி.கி. சோடியம் என்ற விகிதத்தில். அதனால் டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்து சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: தண்ணீரில் உள்ள கால்சியம் கல் மாதிரி, உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டில் கிடைப்பதுதான் சேரும். இந்த வாதமே வீண்.

பதில்: சாப்பாடுதான் முக்கிய வழி, அதில் உங்களோடு நிற்கிறேன். சேராது என்பது மட்டும் சரியல்ல. தண்ணீரில் அது கரைந்த அயனியாகவே இருக்கிறது, பாலில் உள்ள கால்சியத்துக்கு ஏறக்குறைய இணையாகவே உடலில் சேர்கிறது.

மேலே சொன்ன அதே தண்ணீரை வைத்துப் பார்ப்போம். நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் 160 மி.கி. கால்சியம், 50 மி.கி. மக்னீசியம். பெரியவருக்கு நாளைக்கு கால்சியம் 1000 மி.கி. பக்கம் வேண்டும், மக்னீசியம் 300 முதல் 400 வரை. ஆக தேவையில் ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று என்ற அளவில் வருகிறது. கொதிக்கவைத்துக் குடித்தால் கால்சியம் 60 மி.கி. ஆகிவிடும். இழந்தது 100 மி.கி., அது அரை டம்ளருக்கும் சற்றுக் குறைவான பாலில் இருப்பதுதான். சாப்பாட்டில் கால்சியம் நன்றாக இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பால், கீரை எதுவும் பெரிதாகச் சாப்பிடாதவருக்கு அந்த ஆறில் ஒரு பங்கு பெரியது.

கேள்வி: எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்திருக்கிறது. கெட்டிலில் படியும் அதே வெள்ளைதானே உள்ளேயும் படிகிறது? அதனால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிட்டேன்.

பதில்: கெட்டிலில் படிவது கால்சியம் கார்பனேட். சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், அது உருவாகும் வழியே வேறு. குடலில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோகவும் செய்கிறது, அதனால் கால்சியத்தைக் கண்டபடி குறைப்பது சிலருக்கு எதிர்விளைவு தரும். கடினத் தண்ணீர் கல்லை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் சுவை பிடித்து அதிகம் குடிக்கிறீர்கள் என்றால் அதுவே நன்மை. கல் எந்த வகை என்று சோதித்துச் சொன்னவரிடம் மீதியைக் கேளுங்கள், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

கேள்வி: கடினத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். 1957-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜுன் கோபயாஷி, ஆற்று நீரின் தன்மைக்கும் பக்கவாத இறப்புக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். அதற்குப் பிறகு பல நாடுகளில் பார்த்தார்கள். மக்னீசியத்துக்கு ஓரளவு ஆதரவான முடிவுகள் வந்தன, கால்சியத்துக்கு அவ்வளவு தெளிவில்லை. பெரும்பாலானவை ஊருக்கு ஊர் ஒப்பிட்ட ஆய்வுகள், ஊர் மாறும்போது சாப்பாடும் வருமானமும் மாறிவிடுகின்றன, அங்கேதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது, ஆனால் கடினத்தன்மைக்கு ஆரோக்கிய அடிப்படையிலான அளவு எதையும் நிர்ணயிக்கவில்லை. என் சொந்தச் சாய்வு மக்னீசியத்தின் பக்கம். ஆனால் அதற்காக பாட்டில் தண்ணீருக்கு மாறச் சொல்லமாட்டேன்.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க மினரல் வாட்டர்தானே நல்லது? சத்து அதிகம் இல்லையா?

பதில்: இங்கே தாது அதிகம் இருப்பதுதான் பிரச்சினை. குழந்தைக்கு வேண்டிய உப்பை பவுடரிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். பாட்டில் தண்ணீர்தான் வேண்டும் என்றால் சோடியம் லிட்டருக்கு 200 மி.கி.க்குள், சல்பேட் 250-க்குள் இருக்கவேண்டும் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்கிறது. குமிழி வரும் சில மினரல் வாட்டரில் சோடியம் 1000-ஐத் தாண்டும். பாட்டில் தண்ணீர் கிருமி நீக்கியது அல்ல, அதையும் கொதிக்கவைத்துத்தான் கலக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் நைட்ரேட் சோதிக்காமல் கொடுக்காதீர்கள், அதிகமானால் சிறு குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே அது கெடுக்கும். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடவும் வேண்டாம், நைட்ரேட் செறிவாகும், அதைத்தான் மேலே 30, 33 என்று கணக்குப் போட்டேன்.

கேள்வி: கெட்டிலில் மிதக்கும் வெள்ளைச் செதிலைக் குடித்துவிட்டேன், ஏதாவது ஆகுமா?

பதில்: ஒன்றும் ஆகாது. வயிற்று அமிலத்தில் கரைந்து கால்சியமாகத்தான் போகும், இழந்ததில் கொஞ்சம் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செதில் பிடிக்கவில்லை என்றால் ஆறவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். கெட்டிலில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ தண்ணீரில் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டால் படிவு நுரைத்துக் கழன்று வரும், சுரண்டாதீர்கள்.