மணவறையில் நின்ற பூவும் குப்பைக்குப் போன பூவும்

"ஐயா, ஹட்டனுக்கு அருகில் ஆறு மாதமாக மணவறைக்கும் கோயிலுக்கும் பூ அலங்காரம் செய்கிறேன். போன கல்யாணத்துக்கு 60,000 ரூபா பேசினேன். மணவறையில் வைத்த பூ 30,000 ரூபாவுக்குத்தான் வரும். சொந்தக்காரர் என்பதால் 20,000 மூன்று மாதமாகப் பாக்கி. அடுத்த வேலைக்குப் பூ வாங்க, மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதே தொகையைக் கடன் எடுத்தேன். லீசிங்கில் வேன் எடுத்தால் தொழில் நிமிருமா?"

சகோதரி, மணவறையில் நின்ற பூவைத்தான் நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். காசு கொடுத்தது வாங்கிய பூ முழுவதற்கும். மழைக்காலத்தில் திறந்த பாத்தியிலிருந்து ஈரத்தோடு கட்டி வரும் செவ்வந்தி வெளியே பளிச்சென்று தெரியும். கட்டை அவிழ்த்து நடுப்பூவின் அடியிதழை விலக்கினால் பழுப்புப் புள்ளி இருக்கும், மறுநாள் காலையில் அது பூஞ்சணமாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கழிந்தாலே, 30,000 ரூபாப் பூ நிற்க 37,500 ரூபாவுக்கு வாங்க வேண்டும். உதவியாளர் இருவருக்கு 7,000, வாகனக் கூலி 5,000, கம்பியும் துணியும் 3,000 என்று வைத்தால் செலவு 52,500 ஆகிறது. மிச்சம் 7,500, அதில் மூன்று மாத வட்டி 3,000 போனால், இரண்டு இரவு கண்விழித்ததற்கு உங்களுக்கு நிற்பது 4,500 ரூபா.

ஆகவே உங்களைக் கெடுப்பது வாகனமில்லாமை அல்ல, உறவினரின் பூவுக்கு நீங்கள் வட்டி கட்டுவதுதான். பூக்காரர் விடியற்காலையில் ரொக்கம் கேட்கிறார், பூ மறுநாள் வாடுகிறது; அந்தப் பணத்தை மூன்று மாதம் கழித்து வாங்கும் வசதி இந்தத் தொழிலில் இல்லை. நாள் குறிக்கும்போதே பாதியையும், பூ வாங்கப் போவதற்கு முதல் நாள் மீதியையும் வாங்குங்கள். உறவினருக்குச் சலுகை காட்டியே தீர வேண்டுமென்றால் உங்கள் கூலியைக் குறையுங்கள். பூவின் விலையில் கை வைக்காதீர்கள். விலை பேசும்போது பூவின் பெயரை எழுதாமல் நிறத்தை எழுதிக்கொண்டால், முகூர்த்த நாளில் ரோசா விலை ஏறினாலும் வேறு பூவுக்கு மாறலாம்.

காம்பு முறிந்தாலும் வாடாத செவ்வந்தித் தலைகளை அன்றே உதிரிப்பூவாகக் கோயிலுக்குக் கொடுக்கலாம்; மணவறையிலிருந்து இறக்கியதை மட்டும் கொடுக்காதீர்கள், குருக்கள் ஒருமுறை கண்டுகொண்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். கோயில் மாலைக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் முழக்கணக்கில் பேசுங்கள், ஏனெனில் நவராத்திரியில் ஒன்பது நாளும் கூடுதலாகக் கேட்பார்கள்.

வேனைப் பற்றி லீசிங் முகவர் இனிக்க இனிக்கத்தான் சொல்வார். மாதம் நான்கு கல்யாணத்துக்கு வாகனக் கூலி 20,000. அவர் சொல்லும் தவணையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லாதபோதும் அந்தத் தவணை வரும். முதலில் உறவினரிடம் பாக்கி நிற்கும் 20,000 ரூபாவை வாங்கி வட்டிக்காரரின் கணக்கை முடியுங்கள்.